அறுபது பைசா உருப்படிக்கு முதலிடம்

நூற்பாலை ஸ்டோர்ஸுக்குள் நுழைந்ததும் எது மதிப்பு வாய்ந்த பொருள் என்று யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். எலக்ட்ரானிக் கார்டு, இன்வெர்ட்டர் டிரைவ், வெளிநாட்டு சென்சார் எல்லாம் கண்ணாடி பீரோவுக்குள் இருக்கும். சாவி ஸ்டோர் கீப்பரின் மேஜை டிராயரில். டிராவலர் பெட்டிகள் திறந்த ரேக்கில் அடுக்கியிருக்கும். ஷிப்டு ஃபிட்டர் வந்து, "அண்ணே, ரெண்டு பாக்ஸ் எடுத்துக்கறேன்" என்று குரல் கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டு போவார். சீட்டு சாயங்காலம் வந்து சேரும், சில நாள் வராது.

டிராவலர் என்பது பிறை வடிவில் வளைத்த ஒரு சிறு எஃகுத் துண்டு. ரிங் ஃப்ரேமில் ஒவ்வொரு ஸ்பிண்டிலையும் சுற்றி ஒரு வளையம் உண்டு. அதன் விளிம்பில் தொற்றிக்கொண்டு வேகமாகச் சுற்றி, நூலுக்கு முறுக்கேற்றி, பாபினில் சுற்ற வைப்பது இதுதான். உராய்வில் சூடேறித் தேயும், சில நாட்களில் மாற்றியாக வேண்டும். ஆயிரம் கொண்ட பெட்டியாக வாங்குவார்கள். பெட்டி 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒன்று அறுபது பைசா. அறுபது பைசாச் சாமானை எவன் பூட்டி வைப்பான்?

அந்த பீரோவின் பூட்டு சரியான இடத்தில்தான் தொங்குகிறதா என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் வழிக்குத்தான் ஏபிசி பகுப்பாய்வு என்று பெயர். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபோர்ட் டிக்கி 1951இல் ஒரு தொழிற்சாலை இதழில் இதை எழுதினார். பென்னிக் காசுகளைத் துரத்துவதை விட்டு டாலர்களைக் குறிபாருங்கள் என்பது அவர் கட்டுரையின் சாரம். சொத்தும் வருமானமும் சிலர் கையிலேயே குவிகின்றன என்று இத்தாலியப் பொருளியலாளர் பரேட்டோ அதற்கும் அரை நூற்றாண்டு முன்பே கவனித்திருந்தார். ஸ்டோர்ஸ் சாமான்களும் அந்தச் சுபாவம்தான்.

முறை எளிது. ஒரு வருடத்தில் அந்தப் பொருள் எத்தனை செலவானது என்று எடுத்து, அதை ஒன்றின் விலையால் பெருக்க வேண்டும். வருவது வருடச் செலவு மதிப்பு. எல்லாப் பொருளுக்கும் இப்படிப் போட்டு, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, மேலிருந்து கூட்டிக்கொண்டே வரவேண்டும். கூட்டுத்தொகை மொத்தத்தில் சுமார் 70 சதவீதத்தைத் தொடும்வரை வருபவை ஏ. அங்கிருந்து 90 வரை பி. மிச்சமெல்லாம் சி.

இங்கே பலரும் சறுக்குவது 'விலை' என்ற சொல்லில்தான். பெருங்காயம் கிலோ விலையில் பாலைவிடப் பல மடங்கு உசத்தி. ஆனாலும் வீட்டு மாதச் செலவைக் கூட்டினால் பால் கணக்குதான் மேலே நிற்கும். ஏபிசி பார்ப்பது ஒரு துண்டின் விலையை அல்ல, வருடம் முழுக்க அந்தப் பொருளின் வழியாக ஓடும் பணத்தை.

முப்பதாயிரம் ஸ்பிண்டில் ஓடும் ஒரு மில்லை எடுத்துக்கொள்வோம். உண்மையான ஸ்டோர்ஸில் ஆயிரக்கணக்கில் பொருள்கள் இருக்கும். பார்ப்பதற்கு வசதியாக ஒரு பத்தை மட்டும் எடுத்திருக்கிறேன். விலைகளும் பெருக்க எளிதாக நான் வைத்துக்கொண்டவை.

| பொருள் | வருடச் செலவு | ஒன்றின் விலை (ரூ.) | மதிப்பு (ரூ.) | கூட்டு சதவீதம் |
|---|---|---|---|---|
| டிராவலர் (பெட்டி) | 900 | 600 | 5,40,000 | 45 |
| டாப் ரோலர் காட்ஸ் | 12,000 | 25 | 3,00,000 | 70 |
| ஏப்ரன் | 10,000 | 18 | 1,80,000 | 85 |
| ஸ்பிண்டில் டேப் | 1,500 | 40 | 60,000 | 90 |
| பால் பேரிங் | 300 | 150 | 45,000 | 93.75 |
| வி-பெல்ட் | 60 | 350 | 21,000 | 95.5 |
| கான்டாக்டர் | 12 | 1,500 | 18,000 | 97 |
| ப்ராக்சிமிட்டி சென்சார் | 15 | 900 | 13,500 | 98.1 |
| ஃப்யூஸ் | 200 | 60 | 12,000 | 99.1 |
| போல்ட், நட் | 3,500 | 3 | 10,500 | 100 |

மொத்தம் 12 லட்சம். எக்செல்லில் செய்வதானால் பெயர் A, எண்ணிக்கை B, விலை C என்று மூன்று பத்தி போதும். மதிப்பை D-யில் வருவித்து, D-யை வைத்துப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிவிட்டு, அடுத்த பத்தியில் கூட்டு சதவீதத்தைக் கொண்டுவரலாம்.

```
D2:  =B2*C2
E2:  =SUM($D$2:D2)/SUM($D$2:$D$11)
```

பட்டியலில் ஒரு துண்டுக்கு அதிக விலை உள்ளது கான்டாக்டர், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். அது ஏழாவது இடத்தில் இருக்கிறது. திறந்த ரேக்கில் கிடந்த அறுபது பைசாச் சாமான் முதலிடத்தில், மொத்தத்தில் 45 சதவீதத்தோடு.

70, 90 என்ற எல்லைகளைப் பிடிவாதமாகப் பின்பற்ற வேண்டியதில்லை. அந்தக் கணக்குப்படி டிராவலரும் காட்ஸும் மட்டுமே ஏ. ஆனால் பட்டியலைக் கண்ணால் பாருங்கள்: ஏப்ரன் 1,80,000, அதற்கடுத்த டேப் 60,000. இயல்பான சரிவு அங்கேதான் இருக்கிறது. நானாக இருந்தால் ஏப்ரனையும் ஏ-யில் சேர்த்துவிட்டு அதற்குக் கீழே கோடு போடுவேன். இந்தச் சின்னப் பட்டியலில் பி என்று டேப் ஒன்றுதான் மிஞ்சும். கடைசி ஆறும் சி. அந்த ஆறுக்கும் சேர்த்து வருடச் செலவு 1,20,000.

அந்த 1,20,000 என்ற தொகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி டிராவலருக்கு வருவோம். முப்பதாயிரம் ஸ்பிண்டிலுக்கும் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றினால் வருடத்துக்கு முப்பது முறை. முப்பதாயிரத்தை முப்பதால் பெருக்கினால் ஒன்பது லட்சம் டிராவலர், அதாவது 900 பெட்டி. பட்டியலில் இருப்பதும் 900தான். ஸ்டோர்ஸ் புத்தகத்தில் 1,100 பெட்டி வழங்கியதாக இருந்தால்? 200 பெட்டி எங்கே போனது என்பதற்குப் பதில் இல்லை. அந்த 200 பெட்டியின் மதிப்பும் 1,20,000 ரூபாய்தான். பேரிங்கிலிருந்து நட் வரை ஆறு பொருளையும் வருடம் முழுக்க எண்ணி, சீட்டு வாங்கி, பூட்டி வைத்து, ஒன்றுகூடக் காணாமல் போகாமல் காத்தாலும், காப்பாற்றுகிற அத்தனை பணமும் இந்த ஒரு ஓட்டை வழியே போய்விடும்.

அந்த 200 பெட்டியை யாரோ திருடிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. மாற்றும்போது கை தவறிக் கீழே விழுந்தவை குப்பையோடு போகும். ஷிப்டு ஃபிட்டர் நள்ளிரவில் ஸ்டோர்ஸ் பூட்டியிருக்கும் என்று தன் பெட்டியில் நாலைந்து பாக்ஸைப் பதுக்கி வைத்திருப்பார். ஸ்டோர்ஸ் கணக்கில் அது செலவு, உண்மையில் அது இன்னும் செலவாகவில்லை. இதைக் கண்டுபிடிக்க ஃப்ரேம் ஃபிட்டர்களின் அலமாரியை வருடத்தில் ஒருநாள் திறந்து பார்த்தாலே போதும். இன்னொரு காரணம் தொழில்நுட்பம் சார்ந்தது. நூலின் கவுண்ட்டுக்கும் ஸ்பிண்டில் வேகத்துக்கும் பொருந்தாத டிராவலர் போட்டால் பன்னிரண்டு நாள் தாங்காமல் எரிந்துபோகும். எந்த ஃப்ரேமுக்கு எத்தனை பெட்டி போனது என்று தனித்தனியாக எழுதினால், முப்பது ஃப்ரேமில் எந்த நான்கு ஃப்ரேம் அதிகமாகத் தின்கிறது என்பது ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். பராமரிப்பு மேற்பார்வையாளரை அந்த நான்கின் வளையங்களைப் பார்க்கச் சொல்லலாம். ஸ்டோர்ஸில் செலவிடும் நேரத்தில் பெரும்பகுதி இந்த மாதிரி வேலைக்குப் போகவேண்டும் என்பதைத்தான் ஏ என்ற எழுத்து சொல்கிறது. மாதம் ஒருமுறை எண்ணிக்கை, ஃப்ரேம் வாரியாக வழங்கல், கணக்கிட்ட தேவையோடு ஒப்பீடு. இவ்வளவையும் இரண்டாயிரம் பொருளுக்குச் செய்ய எந்த ஸ்டோர்ஸிலும் ஆள் கிடையாது. இரண்டு மூன்று பொருளுக்குச் செய்யலாம்.

வாங்குவதிலும் இதே கதைதான். பல மில்களில் நடப்பது தலைகீழ். டிராவலர் எப்படியும் வேண்டும் என்று ஆறு மாதத்துக்குச் சேர்த்து வாங்கிப் போட்டுவிடுவார்கள். ஃப்யூஸும் நட்டும் தீரத் தீர மாதாமாதம் ஆர்டர் போவார்கள். ஆறு மாத டிராவலர் என்றால் 2,70,000 ரூபாய்ச் சரக்கு. வந்த அன்று முழுசாக, தீரும் அன்று ஒன்றுமில்லாமல், சராசரியில் பாதியாக, 1,35,000 ரூபாய் எப்போதும் ரேக்கில் கிடக்கும். ஆண்டு விலை ஒப்பந்தம் போட்டுக்கொண்டு மாதாமாதம் வரவழைத்தால் சராசரி 22,500தான். 1,12,500 ரூபாய் கைக்குத் திரும்புகிறது. வருட ஆர்டர் இரண்டிலிருந்து பன்னிரண்டாகிறது.

சி பொருள்களில் இதற்கு நேர்மாறாகச் செய்யலாம். ஆறு பொருளுக்கு மாதாமாதம் ஆர்டர் என்றால் வருடத்துக்கு 72 ஆர்டர். ஒவ்வொன்றுக்கும் இண்டென்ட், கொட்டேஷன், கேட்டில் பதிவு, பில் சரிபார்ப்பு உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாங்கினால் 12 ஆர்டர்தான். கிடக்கும் சரக்கு சராசரி 5,000இலிருந்து 30,000 ஆகும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: ஆர்டர் எண்ணிக்கை 74இலிருந்து 24க்கு இறங்குகிறது, முடங்கிய பணமும் 87,500 ரூபாய் குறைகிறது. வழக்கமாக ஒன்றைக் குறைத்தால் மற்றது ஏறும். இங்கே இரண்டும் சேர்ந்து இறங்குவதற்குக் காரணம், முதலில் இரண்டுமே தப்பான இடத்தில் இருந்ததுதான்.

நட், போல்ட் வகையறாவுக்கு பின் கார்டுகூடத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். இரண்டு டப்பா போதும். ஒன்று காலியானதும் ஆர்டர், அது வரும்வரை மற்றது. இதற்குத் தணிக்கைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். 10,500 ரூபாய் விவகாரம் என்று காட்டினால் பெரும்பாலும் சமாதானமாகிவிடுவார்கள்.

இதுவரை எல்லாம் சுகமாகப் போகிறது. ஆனால் உதிரிபாக ஸ்டோர்ஸுக்கு ஏபிசி மட்டும் போதாது. பட்டியலில் எட்டாவது இடத்தில் இருக்கும் ப்ராக்சிமிட்டி சென்சாரைப் பாருங்கள். வருடத்துக்குப் பதினைந்து, மொத்தம் 13,500 ரூபாய். சி பொருள்தானே என்று கவனிக்காமல் விட்டு ஒரு ராத்திரி அது இல்லாமல் போனால், ஆயிரம் ஸ்பிண்டில் ஃப்ரேம் ஒன்று அப்படியே நிற்கும். 40ஆம் கவுண்ட் ஓடும் ஃப்ரேமானால் ஒரு ஷிப்டுக்குச் சுமார் நூறு கிலோ நூல் போச்சு. பஞ்சு மிச்சமாகிறதே என்பதால் நஷ்டம் நூலின் முழு விலை அல்ல. என்றாலும் கூலி, கடன் வட்டி எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். தொள்ளாயிரம் ரூபாய்க்கு அது கட்டாது.

ஏபிசி கேட்பது "பணம் எங்கே ஓடுகிறது" என்ற கேள்வியை மட்டும். "இல்லாவிட்டால் என்ன ஆகும்" என்று அது கேட்பதே இல்லை. அதற்கு இந்தியத் தொழிற்சாலைகளில் நெடுநாளாகப் புழங்கும் இன்னொரு பிரிப்பு இருக்கிறது: வி.ஈ.டி. இல்லையென்றால் இயந்திரம் நிற்கும் என்பவை வி. கொஞ்ச நேரம் சமாளிக்கலாம் என்பவை ஈ. இருந்தால் நல்லது என்பவை டி. ஏபிசியைக் கணினி போட்டுவிடும், வி.ஈ.டி.யைப் போட முடியாது. பராமரிப்பு ஆட்களோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பேசித்தான் எழுதவேண்டும். அப்போதும் ஒரு சிக்கல் வரும். ஃபிட்டரிடம் கேட்டால் எல்லாமே வி என்பார், ஏனென்றால் பொருள் இல்லாத அன்று திட்டு வாங்குவது அவர்தான். "கடைசியாக இது எப்போது தீர்ந்தது, அன்று எத்தனை மணி நேரம் ஃப்ரேம் நின்றது, எதை வைத்துச் சமாளித்தீர்கள்" என்று கேட்டால் பாதி வி, ஈ-யாக மாறிவிடும்.

இரண்டையும் சேர்த்தால் சென்சார் 'சி, வி' ஆகிறது. எண்ணிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை, ஆனால் ஒருநாளும் தீரக்கூடாது. பத்து சென்சார் எப்போதும் வைத்திருந்தாலும் ஒன்பதாயிரம் ரூபாய்தான் முடங்கும். இங்கே பணத்தைப் போட்டுக் கவலையைக் குறைப்பது புத்திசாலித்தனம். டிராவலர் 'ஏ, வி'. அதற்கு அந்தச் சலுகை கிடையாது. சரக்கையும் குறைவாக வைக்கவேண்டும், தீரவும் விடக்கூடாது. முழுநேரக் கவனமும் தேவைப்படுவது இந்தக் கட்டத்தில்தான்.

இன்னொரு பொருள் பட்டியலில் வரவே இல்லை. கண்ணாடி பீரோவில் 1,40,000 ரூபாய்க்கு ஒரு இன்வெர்ட்டர் டிரைவ் இருக்கிறது. மூன்று வருடமாகத் தொடவில்லை. வருடச் செலவு பூஜ்யம். பூஜ்யத்தை எந்த விலையால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். எனவே அது பட்டியலின் அடியில், ஃப்யூஸுக்கும் நட்டுக்கும் கீழே போய்விடுகிறது. சி பொருளைத் தாராளமாக வாங்கிப் போடு என்ற விதியை அதற்கும் நீட்டினால் விபரீதம். வருடம் பூராவும் ஒன்றுகூடச் செலவாகாத பொருள்களை முதலிலேயே பட்டியலிலிருந்து பிரித்து எடுத்துவிட்டுத்தான் ஏபிசி போடவேண்டும். அவற்றைப் பற்றிய கேள்விகள் வேறு. கெட்டுப்போனால் புதிது வர எத்தனை வாரம் ஆகும்? கோயம்புத்தூரில் யாராவது பழுது பார்த்துத் தருவார்களா? எத்தனை இயந்திரத்துக்கு இது பொது? முப்பது ஃப்ரேமிலும் ஒரே டிரைவ் என்றால் முப்பதுக்கும் காப்பாக ஒன்று போதும், அந்த ஒன்று அவசியம்.

பிரித்து எடுத்தவற்றை, கையிருப்பை விலையால் பெருக்கி இன்னொரு பட்டியலாக அடுக்கிப் பார்ப்பது நல்லது. முதல் பட்டியல் ஓடும் பணம், இது கிடக்கும் பணம். இதில் உச்சியில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: இது பொருந்தும் இயந்திரம் இன்னும் ஷெட்டில் இருக்கிறதா? பழைய கார்டிங் இயந்திரத்தை விற்றுவிட்டு அதன் கியர்களையும் ரோலர்களையும் எண்ணெய் பூசிப் பத்து வருடம் பத்திரமாக வைத்திருக்கும் ஸ்டோர்ஸ்கள் நிறைய. இயந்திரத்தோடு சேர்த்து விற்றிருந்தால் அவற்றுக்கு விலை கிடைத்திருக்கும். இப்போது எடைக்குத்தான் போகும்.

கணக்கின் அடித்தளமான பொருள் குறியீடும் ஏமாற்றும். உள்விட்டம் 20 மில்லிமீட்டர் உள்ள ஒரு சாதாரண பேரிங்கை ஒரு கம்பெனி 6204-2Z என்று எழுதும், இன்னொன்று 6204 ZZ என்று எழுதும். இரண்டும் ஒன்றுதான். கணினியில் இரண்டு குறியீடாக ஏறிவிட்டால் ஒன்றில் நாற்பது கிடக்கும்போதே மற்றதற்கு அவசர ஆர்டர் போகும். டிராவலரில் இது வேறுவிதமாக நடக்கும். எண்ணுக்கு ஒரு குறியீடு என்று ஆறு எண்கள் தனித்தனியாக இருந்தால், ஒவ்வொன்றும் சராசரியாக 90,000 ரூபாய் ஆகி, பட்டியலில் முதலிடம் காட்ஸுக்குப் போய்விடும். டிராவலர்தான் மில்லின் பெரிய செலவு என்பதே கண்ணில் படாது. வாங்குவதற்கு எண்கள் தனியாகத்தான் இருக்கவேண்டும். ஏபிசி போடும்போது மட்டும் குடும்பமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு வருடம் என்ற சாளரமும் சில பொருளுக்குக் குறுகியது. கார்டிங் சிலிண்டர் வயர் வருடா வருடம் மாற்றுவதில்லை. மாற்றும் வருடத்தில் அது ஏ-யின் உச்சியில் நிற்கும், அடுத்த வருடம் பட்டியலிலேயே இராது. இப்படிக் குதித்து வரும் பொருள்களுக்கு மூன்று வருடச் சராசரி எடுக்கலாம். அல்லது ஓவர்ஹால் திட்டத்தைப் பார்த்து, தேவைப்படும் மாதத்துக்கு முன் வாங்கிக்கொண்டு, ஏபிசியிலேயே சேர்க்காமல் விடலாம். இரண்டாவதுதான் மேல்.

பட்டியலை வருடம் ஒருமுறையாவது புதிதாகப் போடவேண்டும். அதற்கு நடுவிலும் ஒரு சமயம் கட்டாயம் போடவேண்டியிருக்கும்: மில் கவுண்ட் மாற்றும்போது. 40 ஓடிய ஃப்ரேம்களில் 60 ஓட்ட மார்க்கெட்டிங் முடிவு செய்தால், மெல்லிய நூலுக்கு எடை குறைந்த டிராவலர் வேண்டும். பழைய எண் டிராவலர் அன்றோடு நின்றுபோகும். ஆறு மாதச் சரக்கு வாங்கிப் போட்டிருந்தால், நேற்றுவரை ஏ-யின் முதலிடத்தில் இருந்த பெட்டிகளில் நானூறு ஐந்நூறு கிடக்கும் பணமாக மாறிவிடும். மாதாமாதம் வாங்குபவரிடம் அதிகம் போனால் எழுபத்தைந்து பெட்டி இருக்கும்; அதையும் பழைய கவுண்ட்டை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் பக்கத்து மில் ஏதாவது எடுத்துக்கொள்ளும். கவுண்ட் மாற்றம் பற்றிய சுற்றறிக்கை ஸ்பின்னிங் மாஸ்டருக்குப் போகும் அன்றே அதன் நகல் ஒன்று ஸ்டோர்ஸுக்கும் வரும்படி ஏற்பாடு செய்திருக்கும் மில்களில் இந்தக் கணக்கு சரியாக ஓடுகிறது.